கல்யாண மண்டபத்துக்குப் போகும் முன் அவனுக்கு ஒரு கதை: ஆட்டிசம் உள்ள பையனைச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் தயார்ப்படுத்துவது எப்படி

கவின் என்று ஒரு பையனை வைத்துக்கொள்வோம். வயது ஒன்பது. ஆட்டிசம் உண்டு. பேசுவான், படிப்பான், பேருந்து எண்களை வரிசையாகச் சொல்வான். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவான். பெரியம்மா மகளுக்குச் சனிக்கிழமை மாலை கல்யாணம். "அக்கா, அக்கா" என்று அவன் உயிரை விடுவது அவள்மேல்தான். அவளும் அவன் வர வேண்டும் என்கிறாள். ஒலிபெருக்கி, இசைக்குழு, சில நூறு பேர், தெரியாத கட்டடம், புது உடுப்பு எல்லாம் ஒரே மாலையில் அவன் மேல் வந்து விழப்போகின்றன.

இப்படி ஒரு நிகழ்ச்சியை முதல் முறையாக எதிர்கொள்ளும் பெற்றோருக்கும் உறவினருக்கும்தான் இந்தக் கட்டுரை. செய்யக்கூடியவை பல இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவனுக்காக நீங்களே ஒரு சின்னக் கதை எழுதுவது, அதில் எழுதியபடி மண்டபத்தில் நடக்க வைப்பது. இரண்டாவது பாதிதான் கஷ்டம். பலர் கதையை எழுதிப் படித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். "அமைதியான அறைக்குப் போகலாம்" என்று கதை சொல்லும். அங்கே போய்ப் பார்த்தால் அறை பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பையன் கதையையும் நம்பமாட்டான், உங்களையும் நம்பமாட்டான்.

கதை எழுதும் இந்த முறையை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை. சோஷியல் ஸ்டோரி என்று பெயர் வைத்தார். சிறப்புக் கல்வி ஆசிரியர்களிடமும் தெரபிஸ்டுகளிடமும் கேட்டால் தெரிந்திருக்கும். இது எந்த அளவு பலன் தருகிறது என்பதில் ஆய்வு முடிவுகள் கலவையாகவே இருக்கின்றன. சத்தத்தால் வரும் வலியை எந்தக் கதையும் குறைக்காது. அடுத்து என்ன நடக்கும், வலித்தால் நான் என்ன செய்யலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவன் கையில் முன்கூட்டியே பதில் இருக்கும். அந்த அளவுக்குத்தான் கதையிடம் எதிர்பார்க்கலாம்.

முதலில் மண்டபத்தைப் பாருங்கள்

கதைக்கு முன்னால் தகவல் வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, கூட்டம் இல்லாத ஒரு நேரத்தில் மண்டபத்துக்குப் போய் வாருங்கள். முடிந்தால் அவனையும் கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் போனில் படம் எடுத்து வாருங்கள். வாசல், உள்கூடம், மேடை, கழிப்பறை, பக்கக் கதவு, ஒதுங்குவதற்கான அறை ஆகிய எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். அவன் கண் உயரத்திலிருந்து எடுத்தால் நல்லது. பெரியவர் நின்றபடி எடுத்த படமும் ஒன்பது வயதுப் பையன் அங்கே பார்ப்பதும் ஒன்றாக இருக்காது.

ஒலிபெருக்கிகளை எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கியிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் அப்படிக் குறையாது. வழுவழுப்பான தரையும் வெற்றுச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே கடைசி வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நடுவில் ஒரு சுவரும் மூடிய கதவும் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒதுங்கும் அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும். அறை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கதவு முழுசாக மூட வேண்டும், விளக்கை அணைக்கவோ குறைக்கவோ முடிய வேண்டும், பொருட்களை எடுக்க ஆட்கள் வந்து போகிற அறையாக இருக்கக்கூடாது. மணப்பெண் அலங்கரித்துக்கொள்ளும் அறையைத் தருவதாகப் பலர் சொல்வார்கள். அன்று மாலை மண்டபத்திலேயே ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள அறை அதுதான், வேண்டாம். தோதான அறை இல்லையென்றால் நிறுத்தி வைத்த உங்கள் காரே போதும், அதையே கதையில் எழுதுங்கள்.

அப்புறம் திடீர்ச் சத்தங்களைப் பற்றி விசாரியுங்கள். ஒரே சீராக வரும் சத்தத்தைவிட எதிர்பாராமல் வருவதுதான் இந்தப் பிள்ளைகளில் பலரை அதிகம் தாக்கும். பட்டாசு உண்டா, பலூன் கட்டுகிறார்களா, மைக்கில் யார் எப்போது பேசுவார்கள், இசைக்குழு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. சின்ன, எதிரொலிக்கும் அறையில் தலைக்கு நேரே திடீரென்று அது இரைந்தால், கவின் மாதிரிப் பிள்ளை அன்று முழுக்க அந்தப் பக்கமே போகாமல் அடக்கிக்கொள்வான். அந்த அவஸ்தையோடு எரிச்சல் ஏறும். காரணம் என்னவென்று யாருக்கும் புரியாது.

எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யுங்கள்

முழு மாலையும் அவன் இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். அக்காவிடமே கேளுங்கள், நீ அவனை எந்த நேரத்தில் பார்க்க ஆசைப்படுகிறாய் என்று. பெரும்பாலும் ஒரு பதிலோ இரண்டு பதிலோதான் வரும். கவினின் அக்கா, கூட்டம் வரும் முன் அவனோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், தான் மேடையில் இருக்கும்போது அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் முழுவதையும் இந்த இரண்டை வைத்தே போட்டுவிடலாம். ஆறரைக்குக் கூட்டம் சேரும் என்றால் கவின் ஐந்தரைக்கே வந்துவிடுகிறான். மண்டபம் காலியாக இருக்கும்போது உள்ளே வந்தவனுக்குக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும். நிரம்பி வழியும் கூடத்துக்குள் வாசல் வழியாக நுழைவதைவிட இது எவ்வளவோ மேல். படம் எடுக்கிறார்கள். மேடையில் அக்காவைப் பார்க்கிறான். ஏழரைக்கு வீட்டுக்குப் போகிறான். சாப்பாட்டை அவன் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில், வழக்கமாகச் சாப்பிடுவதையே, வீட்டிலிருந்து எடுத்துவந்து அந்த அறையில் கொடுத்துவிடலாம்.

அம்மாவோ அப்பாவோ ஒருவர் அவனோடு கிளம்ப வேண்டியிருக்கும். அது யார் என்பதை முன்பே பேசி முடியுங்கள். அங்கே போய் அதற்காகத் தர்க்கம் செய்யும் இரண்டு பெரியவர்களின் குரலும் அவனுக்கு இன்னொரு சத்தம்தான்.

கதையை எழுதும் முறை

கதையை "நான்" என்று அவன் குரலில் எழுதுங்கள். "நீ இப்படி இரு" என்று எழுதினால் அது உத்தரவாகிவிடும். என்ன நடக்கும், யார் இருப்பார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லும் வாக்கியங்களே அதிகம் இருக்கட்டும். அவன் என்ன செய்யலாம் என்று சொல்லும் வாக்கியம் ஒன்று என்றால், விவரிக்கும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கவினுக்கு எழுதிய கதை இப்படி இருக்கலாம். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் எடுத்த ஒரு படம்.

> என் பெயர் கவின். சனிக்கிழமை என் அக்காவுக்குக் கல்யாணம். நானும் அம்மாவும் அப்பாவும் காரில் மண்டபத்துக்குப் போவோம்.
>
> நாங்கள் போகும்போது மண்டபத்தில் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். நானும் அக்காவும் ஒரு படம் எடுத்துக்கொள்வோம்.
>
> அப்புறம் நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் பலரை எனக்குத் தெரியாது. அக்காவின் கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறார்கள்.
>
> சிலர் என்னிடம் பேச வருவார்கள். நான் கை அசைக்கலாம். பேசாமலும் இருக்கலாம்.
>
> இசைக்குழு வாசிக்கும். சிலருக்குச் சத்தமான இசை பிடிக்கும். எனக்குச் சில சத்தங்கள் காதில் வலிக்கும். வலித்தால் அது என் தப்பு இல்லை.
>
> சில சத்தங்கள் திடீரென்று வரலாம். அது எப்போது வரும் என்று அம்மாவுக்கும் தெரியாது. எந்தச் சத்தமும் ஒரு நேரத்தில் நின்றுவிடும்.
>
> என் நீலப் பையில் காதுமூடி இருக்கும். எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.
>
> சித்தப்பா என் பக்கத்தில் இருப்பார். நான் மஞ்சள் அட்டையைக் காட்டினால், என்னை அமைதியான அறைக்குக் கூட்டிப் போவார். அங்கே என் போர்வையும் பேருந்துப் புத்தகமும் இருக்கும்.
>
> அக்கா மேடையில் இருக்கும்போது நான் பக்கக் கதவருகே நின்று பார்க்க முயல்வேன். முடியாவிட்டால் அக்கா புரிந்துகொள்வாள்.
>
> ஏழரை மணி வாக்கில் நானும் அப்பாவும் வீட்டுக்குக் கிளம்புவோம். என் அறை எப்போதும் போல இருக்கும்.

இதில் சில வார்த்தைகளை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். "முயல்வேன்" என்று எழுதியிருக்கிறேன், "பார்ப்பேன்" என்று எழுதவில்லை. எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, பார்க்க முடியாமல் போனால் தான் பொய் சொல்லிவிட்டதாகவோ தோற்றுவிட்டதாகவோ தோன்றும். "சில", "வரலாம்", "ஏழரை மணி வாக்கில்" என்பவற்றுக்கும் இதே காரணம்தான். கல்யாணங்களில் நேரம் தள்ளிப்போவது சகஜம். "சரியாக ஆறு மணிக்கு" என்று எழுதி ஆறேகாலுக்கு நடந்தால், அந்தக் கால் மணி நேரம் அவனுக்கு நரகம்.

"எல்லாம் ஜாலியாக இருக்கும்" என்று எழுதாதீர்கள், அவனுக்கு ஜாலியாக இராது. "நான் அழமாட்டேன்", "நல்ல பையனாக இருப்பேன்" என்பவை வேண்டவே வேண்டாம். அழுகை வருவதும் வராததும் அந்த நேரத்தில் அவன் கையில் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்கு அவனைப் பொறுப்பாக்கும் வாக்கியம் அது. காதுவலியைப் பற்றிய வரியை மட்டும் எக்காரணத்தாலும் வெட்டாதீர்கள். பயப்படுவானே என்று பெரியவர்கள் முதலில் நீக்கச் சொல்வது அந்த வரியைத்தான். ஆனால் சத்தம் வலிக்கும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். நமக்கும் அது தெரியும் என்பதுதான் அவனுக்குப் புதுச் செய்தி.

படிக்கத் தெரியாத, பேசாத பிள்ளை என்றால் வாக்கியங்களைக் குறைத்துப் படங்களை வரிசையாக ஒட்டுங்கள். கார், மண்டபம், அக்கா, காதுமூடி, அறை, வீடு. முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போடும்படி செய்தால், இன்னும் எவ்வளவு மீதி என்று கண்ணாலேயே தெரியும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கதையை ஆரம்பித்தால் போதும். அவன் தெம்பாக இருக்கும் நேரத்தில் ஒரு நாளுக்கு ஒரு முறை, பாடம் நடத்தும் தோரணை இல்லாமல் படியுங்கள். அடம் பிடித்த பிறகு தண்டனை போல எடுத்துப் படிக்காதீர்கள். கேள்வி கேட்டால் நல்லது, அந்தப் பதிலையும் கதையில் சேர்த்துவிடுங்கள். "எனக்குப் போக வேண்டாம்" என்று நிதானமாக, திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவும் பதில்தான். அக்காவை முந்தின நாளோ மறுநாளோ வீட்டில் பார்ப்பதைக் கதையாக எழுதிக்கொள்ளலாம்.

காதுமூடியும் ஒத்திகையும்

தலைக்கு மேல் வளையம் வந்து இரண்டு காதையும் முழுசாக மூடும் வகைதான் ஒன்பது வயதுக்குத் தோது. அவனே போடலாம், அவனே கழற்றலாம். அட்டைப்பெட்டியில் 20-லிருந்து 30 டெசிபல் வரை குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். அது ஆய்வகத்தில் அளந்த அளவு, நிஜத்தில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். கண்ணாடி போடும் பிள்ளையென்றால், அதன் காம்பு இடுக்கு வழியாகவும் சத்தம் நுழையும். ஒலியைத் தானே ரத்து செய்யும் விலை உயர்ந்த எலக்ட்ரானிக் ஹெட்போன்களை நம்பி ஏமாறாதீர்கள். ஏசி, விமானம் போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை அவை நன்றாக அடக்கும். பட்டென்று வெடிக்கும் சத்தத்திலும் மனிதக் குரலிலும் அந்த அளவுக்கு உதவாது. கல்யாணத்தில் நமக்குப் பிரச்சினை பின்னதுதான்.

புதுக் காதுமூடியை மண்டபத்தில் முதல் முறையாக எடுத்துக் கொடுத்தால், தலையை இறுக்குகிறது என்று தூக்கி எறிவான். வீட்டில் முதலில் கொஞ்ச நேரம், பிறகு அவனுக்குப் பிடித்த வேலை செய்யும்போது என்று பழக்குங்கள். ஆனால் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்க விடாதீர்கள். எப்போதும் மூடியே வைத்தால் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கத் தொடங்கும் என்று காது நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். அமைதியான அறைக்குள் போனதும் கழற்றுவது நல்ல பழக்கம். புது உடுப்பையும் இதே மாதிரி முன்பே இரண்டு மூன்று முறை துவைத்து, உள்ளே தைத்திருக்கும் லேபிளை வெட்டி, வீட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒத்திகைக்கு, இசைக்குழு வாசிப்பது போன்ற ஒரு பதிவைப் போனில் போட்டு, ஒலியைக் கூட்டும் பட்டனை அவன் கையிலேயே கொடுங்கள். அவன் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். நாம் கூட்டி அவனைப் பழக்குகிறோம் என்று இறங்கினால் அது பயிற்சி ஆகாது, வதை. மஞ்சள் அட்டையையும் சித்தப்பாவோடு சேர்ந்து வீட்டில் ஒத்திகை பாருங்கள். அட்டையைக் காட்டினால் ஒவ்வொரு முறையும், விளையாட்டுக்குக் காட்டினால்கூட, உடனே எழுந்து அறைக்குப் போக வேண்டும். "இரு கண்ணா, ஒரே நிமிஷம்" என்ற பேச்சே கூடாது. அட்டை வேலை செய்யும் என்று அவன் நம்புவதற்கு வேறு வழி கிடையாது.

செவியின் பாதுகாப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேலையிடங்களுக்கான அமெரிக்க நியாஷ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி பெரியவர்கள் 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். போனில் ஒலி அளக்கும் ஆப் தோராயமாக இதைக் காட்டும். ஒலிபெருக்கி அருகே அது 100-ஐத் தொட்டால், எந்தக் குழந்தையையும் அங்கே நிறுத்தக்கூடாது. ஆனால் ஆப் 70 காட்டுகிறது, ஆகவே உனக்கு வலிக்க முடியாது என்று கவினிடம் வாதாடாதீர்கள். வலி அவனுடையது. இதுவரை சத்தத்தைச் சகித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று காதைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினால், காதில் சீழோ தொற்றோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

ஒருவர், ஒரே ஒருவர்

கல்யாண வீட்டில் "எல்லாரும் அவனைப் பார்த்துக்கறோம்" என்பார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கதையில் சித்தப்பா பெயரை எழுதியதற்கு அதுதான் காரணம். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை சித்தப்பாவுக்கு வேறு வேலை கிடையாது. அவர் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால்கூட, அப்பாவிடம் போய் "இப்போ கவின் உங்க பொறுப்பு அண்ணா" என்று வாயால் சொல்ல வேண்டும், அப்பா "சரி, நான் பார்த்துக்கறேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தாங்க முடியாத சத்தத்திலிருந்து ஓடும் பிள்ளை கதவு, சாலை, தண்ணீர் எதையும் பார்க்காது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் தண்ணீரை நோக்கிப் போவார்கள். மண்டபத்தருகே குளமோ நீச்சல் தொட்டியோ இருந்தால் முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். அவன் சட்டைப் பையில் உங்கள் போன் எண் எழுதிய அட்டை இருக்கட்டும்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை முன்பே போய்விட வேண்டும். பெரியம்மாவே குடும்பத்தாருக்கு அனுப்பினால் எடுபடும்: "நம்ம கவின் கல்யாணத்துக்கு வரான். அவனைப் பார்த்தா சிரிச்சுக் கை அசைங்க, போதும். தொடாதீங்க, கன்னத்தைக் கிள்ளாதீங்க, தூக்காதீங்க. காதுமூடி போட்டிருந்தா ஏன்னு கேக்காதீங்க. பாதியிலே கிளம்பினா யாரும் தடுக்க வேண்டாம்." இவ்வளவு போதும். ஆட்டிசம் என்ற பெயரை வைத்து விளக்கம் எழுதத் தொடங்கினால், ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்று மாலை

ஐந்தரைக்குக் கவின் வருகிறான். சித்தப்பா வாசலிலேயே காத்திருக்கிறார். முதல் வேலையாக அறைக்குப் போய், போர்வையையும் புத்தகத்தையும் அவன் கையாலேயே வைக்கச் சொல்கிறார். அறையிலிருந்து பக்கக் கதவுவரை ஒரு முறை நடந்து காட்டுகிறார். அந்த வழி ஒலிபெருக்கியைக் கடந்து போகாதபடி முன்பே தேர்ந்தெடுத்த வழி. அக்கா வருகிறாள், படம் எடுக்கிறார்கள். கவின் கேமராவைப் பார்க்கவில்லை, அவள் வளையலை எண்ணிக்கொண்டிருக்கிறான். நல்ல படம்தான் அது. அப்புறம் சுவரை ஒட்டிய வரிசையின் கடைசி நாற்காலியில் உட்காருகிறான். முதுகுக்குப் பின்னால் சுவர் இருப்பதால் யாரும் பின்னாலிருந்து வந்து தொட முடியாது.

ஆறேகால் அளவில் கூட்டம் சேர்கிறது. கவின் காதுமூடியைத் தானே போடுகிறான், நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடுகிறான். ஆடட்டும், நிறுத்தச் சொல்லாதீர்கள். அவன் தன்னைச் சமாளித்துக்கொள்ளும் வழி அது. சித்தப்பா கவனிக்க வேண்டியது அதில் வரும் மாற்றத்தை. ஆட்டம் வேகமாகிறதா, முனகல் சத்தம் ஏறுகிறதா, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறானா, காதோ முகமோ சிவக்கிறதா, வாசலையே பார்க்கிறானா. ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த அடையாளங்கள் வேறு. உங்கள் பிள்ளையுடையதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த நேரம் பார்த்து மைக் கீச்சென்று அலறுகிறது. கவின் எழுந்துவிடுகிறான். அட்டை சட்டைப் பையில்தான் இருக்கிறது, ஆனால் கை அங்கே போகவில்லை. இதை எதிர்பார்த்தே இருங்கள். சத்தம் உச்சத்துக்குப் போகும்போது, நன்றாகப் பேசும் பிள்ளைக்குக்கூடப் பேச்சு நின்றுவிடும், பழகிய அட்டைகூட மறந்துவிடும். சித்தப்பா தன்னிடமுள்ள இன்னொரு மஞ்சள் அட்டையை அவன் கண்முன் நீட்டி, "அறை" என்று ஒரே ஒரு சொல் சொல்கிறார். கவின் நடக்கிறான். அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை, பக்கத்திலேயே நடக்கிறார்.

அறைக்குள் விளக்கைக் குறைத்து, கதவை மூடி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். கேள்வி கேட்கவில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீரை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறார், குடிக்கச் சொல்லவில்லை. தாகமும் பசியும் கழிப்பறை அவசரமும் சில பிள்ளைகளுக்கு உள்ளிருந்து சரியாகத் தெரிவதில்லை. பார்வையில் வைத்தால் குடிப்பார்கள். கவின் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிய பிறகுதான், கதையின் மேடைப் பக்கத்தைச் சித்தப்பா திறந்து காட்டுகிறார். "பார்க்கலாமா?" "அக்கா." பக்கக் கதவருகே போய் நிற்கிறார்கள். மேடையிலிருந்து அக்கா கை அசைக்கிறாள். கவின் விரலை மட்டும் ஆட்டுகிறான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "வீடு" என்கிறான். மணி ஏழே கால். அப்பா கார் சாவியை எடுக்கிறார். ஏழரைவரை இருக்கச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை.

கை மீறிப் போனால்

எவ்வளவு திட்டம் போட்டாலும் அறைக்குப் போகும் முன்பே, தாங்க முடியாமல் கட்டுப்பாடு உடைந்துபோகும் மெல்ட்டவுன் வரலாம். கத்துவது, தரையில் விழுவது, தலையை மோதுவது எல்லாம் வரலாம். இது அடம் இல்லை. அடம் பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். மெல்ட்டவுனில் எதைக் கொடுத்தாலும் நிற்காது. ஆகவே பேரம், மிரட்டல், சமாதானம் எதற்கும் அங்கே வேலை இல்லை. ஒருவர் மட்டும் அருகில் இருங்கள். இன்னொருவர் சுற்றியிருப்பவர்களைத் திருப்பி அனுப்பட்டும், போனில் வீடியோ எடுப்பவரை நிறுத்தட்டும். அவனை நகர்த்துவதைவிட இசையை நிறுத்துவது சுலபமாக இருந்தால் அதைச் செய்யச் சொல்லுங்கள். தலையை மோதினால், சுவருக்கும் தலைக்கும் நடுவே ஒரு தலையணையையோ மடித்த துணியையோ வையுங்கள். ஆபத்து இருந்தால் ஒழியப் பிடித்து அமுக்காதீர்கள். முடிந்த பிறகு அவன் சோர்ந்து போயிருப்பான். அன்று மறுபடியும் கூடத்துக்குள் அனுப்பாமல் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு, அதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். பிள்ளை அசையாமல், பேசாமல், ஒரே இடத்தை வெறித்தபடி உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள் "எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கான்" என்பார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, அட்டையைக் காட்டினால் பார்க்கவில்லை என்றால் அது சமத்து இல்லை. தாங்க முடியாமல் உள்ளே மூடிக்கொண்டுவிட்டான். உடனே வெளியே கூட்டிப் போங்கள். மண்டபத்தில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் உடையும் பிள்ளைகளும் உண்டு. அதனால் ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விட்டுவிடுங்கள். விருந்து, உறவினர் வீடு எதுவும் வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பிறகு

திங்கள் வாக்கில், அவன் பழையபடி ஆனதும், கதைக்கு இரண்டு பக்கம் சேருங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "மைக் கீச்சென்று கத்தியது. அது கதையில் இல்லை. நான் சித்தப்பாவோடு அறைக்குப் போனேன். அக்கா மேடையில் இருந்தாள், நான் விரலை ஆட்டினேன்." கூடவே அவனும் அக்காவும் எடுத்துக்கொண்ட படத்தை ஒட்டுங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: அவன் எந்தச் சத்தத்தில் எழுந்தான், அறையில் எவ்வளவு நேரம் தேவைப்பட்டது, அட்டையை அவனே எடுத்தானா, நாம் நீட்ட வேண்டியிருந்ததா. கவின் விஷயத்தில் அந்தத் தாள் சொல்வது, அட்டை சட்டைப் பைக்குள் இருந்தால் அவசரத்துக்கு எட்டாது என்பது. அடுத்த விசேஷத்துக்கு அதை ஒரு கயிற்றில் கோத்து, அவன் இடுப்புப் பட்டையில் மாட்டிவிட வேண்டும்.